திருவாதிரையும் ஒரு கிராஃப் தாளும்

மார்கழித் திருவாதிரை அன்று களியும் ஏழுகறிக் கூட்டும் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு நிலா முழுமையாக இருக்கும்; திருவாதிரை விண்மீனுக்கு அருகிலேயே நிற்கும். அந்த வெளிச்சத்திலும் அதன் செம்மை தெரியும். சென்ற முறை, பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுக் கேட்டாள்: "அப்பா, ரோகிணி சிவப்பு. திருவாதிரை சிவப்பு. கேட்டையும் சிவப்பு என்று சொன்னீர்கள். அப்படியென்றால் வானத்தில் பெரும்பாலான விண்மீன்கள் செம்பெருமீன்கள்தானா?"

சட்டென்று 'இல்லை' என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் கண்ணால் பார்த்ததை வைத்துக் கேட்கிறாள். வெறும் மறுப்பு அதற்குப் பதிலாகாது. மறுநாள் ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். விண்மீனின் ஒளிர்வை மேலும் கீழுமாகவும், அதன் மேற்பரப்பு வெப்பநிலையைப் பக்கவாட்டிலும் குறிக்கும் வரைபடம் அது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்பிரங், அமெரிக்காவின் ரஸ்ஸல் என்ற இருவர் பெயரால் அழைக்கப்படுகிறது. பாடப்புத்தகத்தில் அது வண்ணப்படமாக, வேலை முடிந்த நிலையில் இருக்கும். நம் கையால் ஒவ்வொரு புள்ளியாக வைத்தால்தான் அந்தப் படம் எங்கே உண்மை சொல்கிறது, எங்கே நம் கண்ணின் சார்பைச் சொல்கிறது என்பது தெரியவரும்.

முதலில் அளவுகோல். விண்மீன்களின் ஒளிர்வு சூரியனைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்து லட்சம் மடங்கு வரை பரவிக் கிடக்கிறது. சாதாரண அளவுகோலில் இதைக் குறித்தால் சூரியன் உட்பட எல்லாம் அடிக்கோட்டில் ஒட்டிக்கொள்ளும். எனவே ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 2 செ.மீ. என்று வைத்தோம். மொத்தம் 20 செ.மீ. உயரம், சூரியன் அடியிலிருந்து 8 செ.மீ. மேலே. வெப்பநிலைக்கு ஒவ்வொரு இரண்டு மடங்குக்கும் 4 செ.மீ. இடது ஓரத்தில் 40,000 கெல்வின், பிறகு 20,000, 10,000, 5,000, வலது ஓரத்தில் 2,500. வெப்பம் இடப்பக்கம் கூடுவது புதிதாகப் பார்ப்பவரைத் தடுமாற வைக்கும். ரஸ்ஸல் 1914-இல் வெளியிட்ட படத்தில் வெப்பநிலையே கிடையாது. நிறமாலை வகைகளை அவர் வழக்கமான வரிசையில் இடமிருந்து வலமாக எழுதினார். அந்த வரிசை சூடானதிலிருந்து குளிர்ந்ததற்குப் போகிறது என்பதால் அச்சு அப்படியே நிலைத்துவிட்டது.

எண்களை எழுதுவதற்கு முன்பே தாளில் இன்னொரு வேலையும் செய்தோம். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒரு விண்மீனின் ஒளிர்வு அதன் பரப்பளவையும் வெப்பநிலையின் நான்காம் அடுக்கையும் பொறுத்தது. ஒளிர்வு L, ஆரம் R, வெப்பநிலை T என்று எல்லாவற்றையும் சூரியனின் மடங்காக எழுதினால் இவ்வளவுதான்:

L = R² × T⁴

அளவு மாறாமல் வெப்பநிலை பாதியானால் ஒளிர்வு 16-இல் ஒரு பங்காகக் குறையும். நம் தாளின் கணக்கில் 4 செ.மீ. வலப்பக்கம் போனால் 2.4 செ.மீ. கீழே இறங்க வேண்டும். சூரியனின் புள்ளி வழியாக இந்தச் சரிவில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டில் இருக்கும் எல்லாமே சூரியனின் அளவுதான். ஆரம் பத்து மடங்கு என்றால் அதே சரிவில் 4 செ.மீ. மேலே இன்னொரு கோடு. நூறு மடங்குக்கு 8 செ.மீ. மேலே. நூறில் ஒரு பங்குக்கு 8 செ.மீ. கீழே. இந்தச் சாய்கோடுகளைப் போட்டுவிட்டால் தாளே ஒரு அளவுநாடா ஆகிவிடும். எந்தத் தொலைநோக்கியிலும் வட்டமாகத் தெரியாத ஒரு விண்மீனின் விட்டத்தைக்கூட ஸ்கேலை வைத்துப் படித்துவிடலாம்.

பெயர் தெரிந்த விண்மீன்களை முதலில் குறிக்கலாம் என்றாள் மகள். முறை தெரிவதற்காகச் சுவாதியை மட்டும் முழுக் கணக்கோடு செய்தோம். அது 37 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதே தொலைவில் சூரியனைக் கொண்டுபோய் வைத்தால் ஏதோ ஒரு மங்கலான விண்மீனாக, இருட்டான இடத்தில் தேடினால் மட்டும் தெரியும். சுவாதியோ வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களில் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 110 மடங்கு. ஆனால் சுவாதி 4,290 கெல்வினில் இருக்கும் குளிர்ந்த விண்மீன். அதன் ஒளியில் பெரும்பங்கு அகச்சிவப்பாகப் போய்விடுகிறது. அதையும் சேர்த்தால் சுமார் 170 மடங்கு வருகிறது. இந்தச் சேர்க்கையை மறந்துவிடாதே என்று அவளிடம் சொன்னேன். பின்னால் நானே அதில் சறுக்கினேன்.

அடுத்தது ரோகிணி: 3,900 கெல்வின், ஒளிர்வு சுமார் 440. சூரியனிலிருந்து 2.3 செ.மீ. வலம், 5.3 செ.மீ. மேலே. சூரியன் அளவுக் கோடு அந்த இடத்தில் 1.4 செ.மீ. கீழே இறங்கியிருக்கும். ஆக, கோட்டிலிருந்து புள்ளிவரை 6.7 செ.மீ. நான்கு செ.மீ.க்குப் பத்து மடங்கு என்ற கணக்கில் ஆரம் சூரியனைப் போல 46 மடங்கு என்று ஸ்கேல் சொன்னது. வானியலாளர்கள் நேரடியாக அளந்திருப்பது சுமார் 45. மகள் ஸ்கேலை வைத்த இடத்திலிருந்து எடுக்காமல் மறுபடியும் ஒரு முறை அளந்தாள்.

திருவாதிரை இன்னும் மேலே போனது: சுமார் 3,600 கெல்வின், ஒளிர்வு ஏறக்குறைய ஒரு லட்சம், ஆரம் 800 மடங்கை ஒட்டி. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையைத் தாண்டிவிடும். கேட்டையும் அதன் அருகிலேயே விழுந்தது. புனர்பூசத்தின் இரட்டையில் ஒன்றான பொல்லக்ஸ், அந்தக் கூட்டத்தில் அடக்கமான அளவுடைய செம்பெருமீன். சித்திரை மட்டும் இடப்பக்கம் 25,000 கெல்வினில் தனியாக நீலத்தில் நின்றது. தென்வானத்து அகத்தியர் விண்மீன் நடுவில், ஆனால் மிக உயரத்தில் விழுந்தது. திருவோணமும் சிரியஸும் சூரியனுக்குச் சற்று இடப்பக்கம், மேலே. எல்லாம் முடிந்தபின் பார்த்தால், சூரியனுக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. தாளின் கீழ்ப்பாதி முழுவதும் காலி. நம் முன்னோர் பெயர் வைத்த விண்மீன்களை மட்டும் கணக்கெடுத்தால், சூரியன் பிரபஞ்சத்திலேயே மங்கலான விண்மீன் என்றுதான் முடிவுகட்ட வேண்டியிருக்கும்.

இப்போது வேறு நிறப் பேனாவை எடுத்துக்கொண்டோம். பிரகாசத்தைப் பார்க்காமல், அருகில் இருப்பவற்றை மட்டும் வரிசையாகக் குறிக்க ஆரம்பித்தோம். ஆல்ஃபா சென்டாரியின் இரண்டு விண்மீன்கள் சூரியனை ஒட்டியே விழுந்தன. பிறகு ப்ராக்ஸிமா: சுமார் 3,000 கெல்வின், ஒளிர்வு அறுநூறில் ஒரு பங்கு. பர்னார்டு விண்மீன்: 3,200 கெல்வின், முந்நூறில் ஒரு பங்கு. உல்ஃப் 359: ஆயிரத்தில் ஒரு பங்கு. பேனா வலது கீழ் மூலைக்குப் போய்க்கொண்டே இருந்தது. சூரியன், திருவோணம், சிரியஸ், சித்திரை ஆகியவற்றோடு இந்தச் செங்குறுமீன்களையும் சேர்த்துப் பார்த்தால் இடது மேலிருந்து வலது கீழ்வரை ஒரு பட்டை தெளிவாகத் தெரிந்தது. அதுதான் முதன்மைத் தொடர். மையத்தில் ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக்கும் விண்மீன்கள் அனைத்தும் அந்தப் பட்டைக்குள் இருக்கும். பட்டையில் எந்த இடம் என்பதைப் பெரும்பாலும் நிறைதான் தீர்மானிக்கிறது: கனமானவை மேலே, இலேசானவை கீழே. தன் வாழ்நாளில் மிகப்பெரும் பகுதியை ஒரு விண்மீன் அங்கேயே கழிப்பதால்தான் பட்டை அவ்வளவு அடர்த்தி.

இரண்டு பட்டியல்களும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? ப்ராக்ஸிமாவை வெறும் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அது 0.4 ஒளியாண்டுத் தொலைவுக்கு வந்தாக வேண்டும். சுவாதியைப் போன்ற ஒன்றை 590 ஒளியாண்டு தொலைவிலிருந்தும் பார்த்துவிடலாம். தொலைவில் 1,500 மடங்கு வித்தியாசம். நாம் தேடும் வெளியின் கனஅளவாக மாற்றினால் அது 300 கோடி மடங்குக்கும் மேல். அதாவது ஒரு சுவாதிக்கு 300 கோடி ப்ராக்ஸிமாக்கள் இருந்தால்தான், கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கையில் இரண்டும் சமமாக வரும். நம் வானம் செம்பெருமீன்களால் நிறைந்திருப்பது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பத்து பார்செக், அதாவது 33 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைந்த ஆரத்துக்குள் சுமார் 250 செங்குறுமீன்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது. எரிபொருள் தீர்ந்து கரு மட்டும் மிஞ்சிய வெண்குறுமீன்கள் சுமார் 20. செம்பெருமீன்? ஒன்றுகூட இல்லை. நமக்கு மிக அருகிலுள்ள செம்பெருமீன் அந்தப் புனர்பூசத்துப் பொல்லக்ஸ்தான். அது 34 ஒளியாண்டு தொலைவில், வேலிக்கு ஒரு அடி வெளியே நிற்கிறது. என் மகளின் கேள்விக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

"வெண்குறுமீன் 20 என்றீர்களே, அதில் ஒன்றையாவது நாம் பார்க்க முடியுமா?" என்றாள்.

முடியும். அதற்கு நிலா இல்லாத மாலை வேண்டும். பத்து நாள் கழித்து எங்கள் ஆறு அங்குலத் தொலைநோக்கியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். திருவாதிரைக்குக் கீழே, ஓரியனின் காலில் ரைஜல் இருக்கிறது. அங்கிருந்து கிட்டத்தட்ட நேர் மேற்காக, கையை நீட்டி முஷ்டியை வைத்தால் ஒன்றரை முஷ்டி தூரத்தில் 40 எரிடானி என்ற மங்கலான விண்மீன். வெறும் கண்ணுக்கு அது ஒற்றைப் புள்ளி. தொலைநோக்கியில் ஏ, பி, சி என்று மூன்று. ஆரஞ்சு நிறத்தில் ஏ தெரியும். அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெளிறிய சாம்பல் வெள்ளையாக ஒரு சிறு துளி. அதுதான் நாங்கள் தேடிய வெண்குறுமீன், பி. அதை ஒட்டி, நேராகப் பார்த்தால் மறைந்து ஓரக்கண்ணால் பார்த்தால் மட்டும் வருகிற சி. வில்லியம் ஹெர்ஷல் 1783-இல் பி-யைக் கண்டார். மூன்றும் ஒரே குடும்பம், 16.3 ஒளியாண்டு தொலைவில் ஒன்றாகவே நகர்கின்றன.

இந்தத் துளிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1910-இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ரஸ்ஸல், தாம் தொலைவு அளந்திருந்த விண்மீன்களின் நிறமாலை வகைகளைப் பற்றி ஹார்வர்டு வானாய்வகத்தின் தலைவர் பிக்கரிங்குடன் பேசிக்கொண்டிருந்தார். மங்கலான விண்மீன்கள் எல்லாம் சிவப்பாகவே இருக்கின்றன என்பது அவருடைய கவனிப்பு. ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம், பெயர் சொல்லுங்கள் என்றார் பிக்கரிங். ரஸ்ஸல் 40 எரிடானியின் மங்கலான துணையைச் சொன்னார். பிக்கரிங் தம் அலுவலகத்திலிருந்த வில்லியமினா ஃபிளெமிங்குக்குக் கேட்டனுப்பினார். அரை மணி நேரத்துக்குள் பதில் வந்தது: நிறமாலையில் ஏ வகை, அதாவது சிரியஸைப் போல வெள்ளை, சூடு. அவ்வளவு மங்கலான ஒன்று அவ்வளவு சூடாக இருக்கவே கூடாது என்று ரஸ்ஸலுக்குத் தோன்றியது. நான்கு ஆண்டுகள் கழித்து வெளியான அவருடைய படத்தில் இடது கீழ்ப்பகுதியில் அந்த ஒரே ஒரு புள்ளி மற்ற எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கி நிற்கிறது. அதை அழித்துவிடாமல் அவர் விட்டுவைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன். 'வெள்ளைக் குள்ளன்' என்ற பொருள்தரும் பெயரை வானியலாளர் லைட்டன் இந்த இனத்துக்குச் சூட்டியது 1922-இல்.

அந்தப் புள்ளியை ஏன் அவ்வளவு நம்பலாம்? இந்தப் படத்தில் நேரும் பிழைகளுக்குத் திசை உண்டு. தொலைவைத் தவறாக எடுத்துக்கொண்டால் புள்ளி நேராக மேலே அல்லது கீழே போகும், பக்கவாட்டில் நகராது. திருவாதிரைக்கு இந்தச் சிக்கல் இன்னும் இருக்கிறது. அதன் தொலைவுக்கு 500 முதல் 700 ஒளியாண்டு வரை வெவ்வேறு அளவீடுகள் வந்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் ஒளிர்வு இரட்டிப்பாகிவிடுகிறது, நம் தாளில் 6 மி.மீ. உயரம். வழியில் தூசி இருந்தால் ஒளி மங்கும், சிவக்கவும் செய்யும். புள்ளி கீழேயும் வலப்பக்கமும் சரியும். இரண்டு விண்மீன்கள் சேர்ந்து ஒன்றாகத் தெரிந்தால் ஒளிர்வு கூடி, அதிகபட்சம் அதே 6 மி.மீ. முதன்மைத் தொடருக்கு மேலே நிற்கும். 40 எரிடானியில் இவை எதுவும் எடுபடாது. தொலைவு மூன்றுக்கும் ஒன்றுதான். அதில் பிழை இருந்தால் மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்கும். 16 ஒளியாண்டுக்குள் பேசத்தக்க தூசி இல்லை. தூசி இருந்தாலும் அது பி-யைச் சிவப்பாக்குமே தவிர வெள்ளையாக்காது. ஏ ஆரஞ்சாகவும், அதைவிட நூறு மடங்கு மங்கலான பி வெள்ளையாகவும் ஒரே பார்வைக்குள் நிற்பதற்கு மிஞ்சியிருக்கும் விளக்கம், பி மிகச் சிறியது என்பதுதான்.

எவ்வளவு சிறியது என்று கணக்கிட உட்கார்ந்தபோதுதான் நான் சறுக்கினேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பி சூரியனைப் போல முந்நூறில் ஒரு பங்கு. அதை அப்படியே ஒளிர்வாக எடுத்துக்கொண்டு குறித்தேன். சாய்கோட்டிலிருந்து அளந்ததில் சூரியனின் ஆரத்தில் 0.0066 பங்கு வந்தது. பூமியின் ஆரத்தில் முக்கால் பங்கைவிடக் குறைவு. ஏதோ இடறியது. பி-யும் சி-யும் சுமார் 230 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றிலிருந்து பி-யின் நிறை சூரியனில் 0.57 பங்கு என்று தெரியும். வெண்குறுமீன்களில் நிறை கூடக்கூட ஆரம் சுருங்கும். என் புள்ளியை நம்பினால், இந்த இலேசான பி, சூரியனின் நிறைகொண்ட, சிரியஸின் துணை வெண்குறுமீனான சிரியஸ் பி-யைவிடச் சிறியது என்றாகிவிடும். அது நடக்காது.

பிழை எதிரிலேயே இருந்தது. சுவாதிக்கு அகச்சிவப்பைச் சேர்த்த நான், பி-க்குப் புறஊதாவைச் சேர்க்க மறந்துவிட்டேன். அதன் மேற்பரப்பு சுமார் 17,200 கெல்வின். அவ்வளவு சூட்டில் ஒளியின் உச்சமே புறஊதாவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. எல்லாம் சேர்த்தால் ஒளிர்வு எழுபதில் ஒரு பங்கு, அதாவது 0.014. புள்ளி 1.2 செ.மீ. மேலே ஏறியது.

புதிய இடத்தில் மூன்றையும் அளந்தோம். ஏ: சுமார் 5,150 கெல்வின், ஒளிர்வு 0.42, சூரியனுக்குச் சற்றே வலப்பக்கம் கீழே, ஆரம் 0.81. சி: 3,150 கெல்வின், ஒளிர்வு 0.007, தொடரின் அடிப்பகுதியில், ஆரம் கால் பங்குக்குச் சற்று மேல். இரண்டும் முதன்மைத் தொடருக்குள் அடக்கம். பி சூரியனிலிருந்து 6.3 செ.மீ. இடம், 3.7 செ.மீ. கீழே. அந்த இடத்தில் சூரியன் அளவுக் கோடு 3.8 செ.மீ. மேலே ஏறியிருக்கும். ஆக இடைவெளி 7.5 செ.மீ. ஆரம் 0.0134. பூமியைப் போல ஒன்றரை மடங்கு அளவுள்ள உருண்டை. அதற்குள் சூரியனின் நிறையில் பாதிக்கும் மேல் அடைபட்டிருக்கிறது. ஒரு கன செ.மீ. எடுத்துத் தராசில் வைத்தால் 300 கிலோவுக்கும் மேல் இருக்கும்.

மகள் சிரியஸ் பி-யையும் குறித்தாள்: 25,000 கெல்வின், ஒளிர்வு நாற்பதில் ஒரு பங்கு. சாய்கோட்டிலிருந்து 8.3 செ.மீ. கீழே. சிரியஸ் பி அதிகச் சூடானது என்பதால் தாளில் அதன் புள்ளி பி-யைவிடச் சற்று மேலே இருக்கிறது; ஆனால் அதன் ஆரக் கோடு 8 மி.மீ. கீழே போகிறது. கனமானது சிறியது என்ற விதி, ஸ்கேலில் 8 மி.மீ. ஆகத் தெரிந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் யோசித்தது இந்தச் சுருக்கத்தைப் பற்றித்தான். வெண்குறுமீனைத் தாங்கிப் பிடிப்பது வெப்பம் அல்ல; ஒன்றையொன்று ஓரளவுக்கு மேல் நெருங்கவிடாத எலக்ட்ரான்கள். நிறை கூடும்போது அந்த எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அதையும் கணக்கில் சேர்த்தால், சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையைத் தாண்டியபின் அவற்றால் தாங்கவே முடியாது என்று அவர் கண்டார்.

தொலைவே தெரியாத விண்மீனைப் பெருமீனா குறுமீனா என்று பிரிக்க முடியுமா என்று அவள் கேட்டதற்கும் வழி உண்டு. பெருமீனின் வளிமண்டலம் பரந்து மெலிந்தது. நிறமாலைக் கோடுகள் கூர்மையாக விழும். ஹார்வர்டில் அந்தோனியா மோரி 1897-இலேயே இந்தக் கூர்மையைத் தனியாகக் குறித்துவைத்தார்; 1905-இல் ஹெர்ட்ஸ்பிரங் சிவப்பு விண்மீன்களில் இரண்டு இனம் இருப்பதைச் சொன்னபோது அந்தக் குறிப்பு அவருக்குத் துணையானது. பி-யின் பரப்பில் ஈர்ப்பு பூமியைப் போல ஏறக்குறைய 90,000 மடங்கு. அங்கே வாயு நசுங்கிக் கிடக்கிறது. ஹைட்ரஜன் கோடுகள் பட்டையாக அகன்றுபோயிருக்கும். குளிர்ந்த விண்மீன்களில் கால்சியத்தின் ஒரு ஒளிக்கோடு எவ்வளவு அகலம் என்று அளந்தே ஒளிர்வைச் சொல்லும் முறையை 1957-இல் ஓலின் வில்சனுடன் சேர்ந்து தந்தவர் வைணு பாப்பு. சென்னையில் பிறந்தவர், காவலூர் வானாய்வகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. பெருமீனுக்கு அந்தக் கோடு அகலம், குறுமீனுக்குக் குறுகல்.

கடைசியாக, மூன்று புள்ளிகளையும் பார்த்துக்கொண்டிருந்த மகள் ஒரு முரணைச் சொன்னாள். மூன்றும் சேர்ந்தே பிறந்தவை. கனமானது சீக்கிரம் முடியும் என்கிறோம். ஏ-யின் நிறை முக்கால் சூரியனுக்குச் சற்று மேல், பி-யின் நிறை 0.57. பிறகு எப்படி பி முதலில் முடிந்தது? பிறந்தபோது பி-தான் மூன்றிலும் கனமானது. முதன்மைத் தொடரில் ஏ-க்கு மேலே இருந்திருக்கும். ஹைட்ரஜன் தீர்ந்ததும் வலப்பக்கம் மேலே, இன்று ரோகிணியும் சுவாதியும் நிற்கும் பகுதிக்கு ஏறியிருக்கும். அங்கே வீங்கி, தன் மேலடுக்குகளை வெளியே இழந்துவிட்டது. மிஞ்சிய கரு தாளைக் குறுக்கே கடந்து இடப்பக்கம் வந்து, பிறகு கீழே விழுந்தது. இப்போது குளிர்ந்துகொண்டிருக்கிறது, தொடங்கிப் பத்துக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது.

பி வந்த வழியைப் பென்சிலால் புள்ளிக்கோடாக வரைந்தாள். போகும் வழியையும் வரையச் சொன்னேன். அதற்குப் புதிய கோடு தேவைப்படவில்லை. குளிர்ந்தாலும் அதன் ஆரம் அநேகமாக மாறாது என்பதால், 0.0134 என்று நாங்கள் ஏற்கெனவே போட்டிருந்த சாய்கோட்டின் மேலேயே அது இறங்க வேண்டும். ஸ்கேலை அந்தக் கோட்டில் வைத்து வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனாள். பல நூறு கோடி ஆண்டுகளில் பி, இன்றைய ஏ-யின் வெப்பநிலைக்கு, ஏ-யின் அதே ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிடும். அப்போது அதன் ஒளிர்வு ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு. பென்சில் முனை ஏ-க்கு நேர் கீழே, தாளின் அடிவிளிம்புக்கு ஒரு மி.மீ. மேலே நின்றது.